இரண்டு மார்க்கில் நழுவிய சி.ஏ: கரூர்ப் பெண்ணின் நான்கு மார்க் ஷீட்டுகள் சொல்லும் கணக்கு

முதல் குரூப்பில் 44, 56, 46. இரண்டாவது குரூப்பில் 38, 52, 64. ஆறு தாள்களையும் கூட்டினால் 300. மொத்தம் 600-க்கு அது சரியாகப் பாதி. சி.ஏ ஃபைனல் தேர்வில் மொத்தத்தில் பாதி எடுத்தால் போதும் என்பார்கள். அப்படியானால் இந்தப் பெண் பாஸ்தானே?

இல்லை. இரண்டு குரூப்பிலும் ஃபெயில்.

இந்த மார்க் ஷீட்டுக்குச் சொந்தக்காரர் கரூரைச் சேர்ந்த 24 வயதுப் பெண். பெயர் போட வேண்டாம் என்பது மட்டும்தான் அவருடைய நிபந்தனை. அப்பா ஆறு தையல் மெஷின்களை வைத்துக்கொண்டு ஏற்றுமதி கம்பெனிகளுக்கு ஜாப் ஒர்க் செய்கிறார். பெட்ஷீட் ஓரம் அடிப்பது, தலையணை உறை தைப்பது. வருடத்துக்கு ஒருமுறை கணக்கு வழக்குக்காக அவர் போய் நிற்கும் இடம் ஓர் ஆடிட்டர் ஆபீஸ். மகளை 'ஆடிட்டருக்குப் படிக்க வைக்கணும்' என்ற எண்ணம் அங்கே வரிசையில் உட்கார்ந்திருந்தபோது வந்ததுதான்.

2019-ல் ப்ளஸ் டூ முடித்தார். அதே வருடக் கடைசியில் ஃபவுண்டேஷன். 2020 நவம்பர் தேர்வில் இன்டர்மீடியட் இரண்டு குரூப்பும் ஒரே மூச்சில் பாஸ். பக்கத்திலேயே தபால் வழியில் பி.காம். அதுவரை எல்லாமே முதல் அட்டெம்ப்ட். தெருவில் அப்போதே 'ஆடிட்டரம்மா' என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள். 2024 மே மாதம் எழுதிய முதல் ஃபைனலில்தான் மேலே உள்ள மார்க் ஷீட் வந்தது. அடுத்த ஒன்றரை வருடத்தில் இன்னும் மூன்று மார்க் ஷீட்டுகள். அந்த நான்கையும் அடுக்கிவைத்துப் படித்தால், சி.ஏ தேர்வு எப்படிப்பட்டது என்பது எந்த வழிகாட்டிப் புத்தகத்தைவிடவும் தெளிவாகப் புரிகிறது.

இரண்டு வாசல்கள்

சி.ஏ தேர்வில் ஒரு குரூப்பை பாஸ் செய்ய இரண்டு வாசல்களைத் தாண்ட வேண்டும். ஒவ்வொரு தாளிலும் குறைந்தது 40 எடுக்க வேண்டும். அது முதல் வாசல். குரூப்பின் மொத்த மார்க்கில் பாதி எடுக்க வேண்டும். அது இரண்டாவது. இப்போது ஒரு குரூப்புக்கு மூன்று தாள்கள் என்பதால், 300-க்கு 150.

கரூர்ப் பெண்ணின் முதல் குரூப் மொத்தம் 146. எந்தத் தாளிலும் 40-க்குக் கீழே இல்லை. ஆனால், மொத்தத்தில் நான்கு மார்க் குறைவு. இரண்டாவது குரூப்பில் நிலைமை தலைகீழ். மொத்தம் 154, அதாவது தேவைக்கு மேல். ஆனால், டைரக்ட் டாக்ஸ் தாளில் 38.

இங்கேதான் பலருக்குத் தெரியாத ஒரு விதி வருகிறது. இரண்டு குரூப்பையும் ஒரே தடவையில் எழுதினால், ஒரு குரூப்பில் அதிகமாக எடுத்த மார்க் இன்னொரு குரூப்பின் குறையை ஈடுகட்டும். மாணவர்கள் இதை 'செட் ஆஃப்' என்கிறார்கள். ஆறு தாளிலும் 40, மொத்தத்தில் 600-க்கு 300 வந்துவிட்டால் இரண்டு குரூப்பும் பாஸ். தனித்தனியாக 150 வந்ததா என்று பார்க்க மாட்டார்கள். ஆனால், ஒரு தாள் 40-க்குக் கீழே போனாலும் இந்தச் சலுகை கிடையாது.

அந்த ஒரு தாளில் 38-க்குப் பதில் 40 எடுத்திருந்தால் அவருடைய மொத்தம் 302. முதல் குரூப்பின் நான்கு மார்க் பள்ளத்தை இரண்டாவது குரூப் நிரப்பியிருக்கும். அன்று மாலையே அவர் சி.ஏ.

"ரிசல்ட் பார்த்ததும் ரெண்டு குரூப்பும் போச்சுன்னுதான் நினைச்சேன். ராத்திரி மார்க்கைக் கூட்டிப் பார்த்தப்பதான் ரெண்டே ரெண்டு மார்க்குன்னு தெரிஞ்சுது. அதுக்கப்புறம்தான் அழுகையே வந்துச்சு" என்கிறார்.

ஆபீஸில் போட்டது வேறு, தேர்வில் கேட்டது வேறு

வருமான வரித் தாளில் 38 வந்ததுதான் வீட்டில் யாருக்கும் விளங்கவில்லை. மூன்று வருடம் ஆடிட்டர் ஆபீஸில் அவர் செய்த வேலையே வரிதானே?

கோவையில் ஒரு சிறிய ஆபீஸில் அவருக்கு ஆர்ட்டிகிள்ஷிப். ஓர் ஆடிட்டர், நான்கு மாணவர்கள், இரண்டு அக்கவுன்டன்ட்கள். 2021 மார்ச்சில் சேர்ந்தார். அப்போது பயிற்சிக்காலம் மூன்று வருடம். கையில் வந்த உதவித்தொகை மாதம் 3,000 ரூபாய். ஹாஸ்டல் வாடகை 5,500. மிச்சத்தை அப்பா அனுப்பினார்.

முதல் வருடம் பெரும்பாலும் வவுச்சர் சரிபார்ப்பதும், பேங்க் ஸ்டேட்மென்ட்டையும் கணக்குப் புத்தகத்தையும் ஒப்பிடுவதும்தான். பிறகு ஜி.எஸ்.டி வந்தது. அந்த வேலை ஒரு காலண்டர் மாதிரி. 11-ம் தேதிக்குள் விற்பனை விவரம், 20-ம் தேதிக்குள் மாதாந்தர ரிட்டர்ன். இரண்டுக்கும் நடுவில், சப்ளையர் ஏற்றிய பில்லும் நம் கட்சிக்காரர் சொல்லும் பில்லும் ஒத்துப்போகிறதா என்று வரி வரியாகப் பார்ப்பது. ஏப்ரலில் பேங்க் கிளை ஆடிட். ஜூலையில் சம்பளக்காரர்களின் வருமான வரி ரிட்டர்ன். செப்டம்பரில் டாக்ஸ் ஆடிட். செப்டம்பர் கடைசி வாரத்தில் ராத்திரி 11 மணிக்கு முன்னால் ஹாஸ்டலுக்குப் போனதாக ஞாபகமே இல்லை என்கிறார்.

இவ்வளவு ரிட்டர்ன் போட்டவருக்கு டைரக்ட் டாக்ஸ் ஏன் வரவில்லை? ஆபீஸில் வரியைக் கணக்கிட்டது சாஃப்ட்வேர். சம்பளம், வாடகை, வட்டி என்று கட்டங்களை நிரப்பினால் விடை வந்துவிடும். எந்தப் பிரிவின்படி இந்தக் கழிவு, ஏன் இந்த வருமானம் இந்தத் தலைப்பில் வருகிறது என்று எழுத வேண்டிய அவசியம் ஒருநாளும் வரவில்லை. ஃபைனல் தாளிலோ பாதிக்கு மேல் அவர் ஆபீஸில் பார்க்காத விஷயங்கள். வெளிநாட்டுக் கம்பெனிக்குப் பணம் அனுப்பும்போது பிடிக்கும் வரி, ஒரே குழுமத்தின் கம்பெனிகள் தங்களுக்குள் வைக்கும் விலை, இரண்டு நாட்டிலும் வரி கட்டாமலிருக்கப் போடும் ஒப்பந்தங்கள். கோவையின் பம்ப் செட் உதிரிபாகக் கடைக்காரருக்கு இது எதுவும் தேவைப்படவில்லை.

ஆர்ட்டிகிள்ஷிப் இடத்தைத் தேர்ந்தெடுக்கும்போது இதை யோசிப்பவர்கள் குறைவு. சிறிய ஆபீஸில் எல்லா வேலையும் கைக்கு வரும். கட்சிக்காரரிடம் நேருக்கு நேர் பேசிப் பழகலாம். ஆனால், பெரிய கம்பெனிகளின் கணக்கு முறையைப் பார்க்கும் வாய்ப்பு கிடைக்காது. பெரிய நிறுவனத்தில் உதவித்தொகை நன்றாக இருக்கும், பெயரும் இருக்கும். ஆனால், ஒரே கம்பெனியின் ஒரே பகுதியை மட்டும் மாதக்கணக்கில் பார்த்துவிட்டு, ஒரு ஜி.எஸ்.டி ரிட்டர்ன்கூடப் போடத் தெரியாமல் வெளியே வருபவர்களும் உண்டு. பின்னாளில் சொந்த ஊரில் போர்டு மாட்ட நினைப்பவருக்குச் சிறிய ஆபீஸும், கம்பெனி வேலைக்குப் போக நினைப்பவருக்குப் பெரிய ஆபீஸும் பொருந்தும். பதினெட்டு, இருபது வயதில் இதை முடிவு செய்யச் சொல்வதுதான் சிக்கல். பெரும்பாலானவர்கள் 'எந்த ஆபீஸ் ஹாஸ்டலுக்குப் பக்கம்' என்றுதான் பார்க்கிறார்கள். நடுவில் மாற நினைத்தால் ஆடிட்டரின் கையெழுத்து, காரணம், படிவம் என்று ஓட வேண்டியிருக்கும்.

2023 ஜூலையிலிருந்து விதிகள் மாறிவிட்டன. இப்போது சேருபவர்களுக்குப் பயிற்சி இரண்டு வருடம்தான். ஆனால், இன்டர்மீடியட் இரண்டு குரூப்பையும் முடித்த பிறகே சேர முடியும். முன்பெல்லாம் படிப்பதற்கென்று மாதக்கணக்கில் லீவு எடுக்கலாம். இப்போது வருடத்துக்கு 12 நாள்தான். அதற்குப் பதிலாக, பயிற்சி முடிந்து ஆறு மாதம் கழித்துத்தான் ஃபைனல் எழுத முடியும். ஆபீஸும் தேர்வும் ஒன்றோடொன்று முட்டிக்கொள்ளாமல் பிரித்திருக்கிறார்கள். கரூர்ப் பெண்ணுக்கு அந்த ஆறு மாதம் கிடைக்கவில்லை. 2024 மார்ச்சில் பயிற்சி முடிந்தது, மே மாதம் தேர்வு.

இரண்டாவது மார்க் ஷீட்: ஒரு மார்க்

ஃபெயில் ஆனதிலும் அவருக்கு ஒரு லாபம் இருந்தது. இரண்டாவது குரூப்பின் மூன்று தாள்களையும் எழுதி, குரூப் போனாலும், ஒரு தாளில் 64 எடுத்திருந்தார். அது ஆறாவது தாள், புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டே எழுதும் கேஸ் ஸ்டடி தாள். 60 அல்லது அதற்கு மேல் எடுத்த தாளுக்கு எக்ஸெம்ப்ஷன் உண்டு. அடுத்து நடக்கும் மூன்று தேர்வுகள் வரை அந்தத் தாளை மறுபடி எழுத வேண்டாம். அந்த 64 அப்படியே கணக்கில் இருக்கும்.

2024 நவம்பருக்கு அவர் ஒரு முடிவு எடுத்தார். 'ஒவ்வொண்ணா முடிப்போம்' என்று முதல் குரூப்பை மட்டும் எழுதினார். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால், அதில் இரண்டு இழப்புகள். ஒரு குரூப் மட்டும் எழுதினால் செட் ஆஃப் கிடையாது. அதோடு, இரண்டாவது குரூப்பை எழுதாவிட்டாலும் எக்ஸெம்ப்ஷனின் மூன்று வாய்ப்புகளில் ஒன்று கழிந்துவிடும். அது நாம் எழுதும் தேர்வுகளின் எண்ணிக்கை இல்லை, இன்ஸ்டிட்யூட் நடத்தும் தேர்வுகளின் எண்ணிக்கை.

ரிசல்ட் வந்தது. 58, 39, 55. மொத்தம் 152. போன தடவை மொத்தம் போதவில்லை, தாள்கள் எல்லாம் தாண்டியிருந்தன. இந்தத் தடவை மொத்தம் தாண்டியது, ஒரு தாளில் ஒரு மார்க் குறைந்தது. போன முறை 56 வந்த அதே நிதி மேலாண்மைத் தாளில்.

எல்லோரையும் போல அவரும் முதலில் 'திருத்தினவங்க மேலதான் தப்பு இருக்கணும்' என்று நினைத்தார். இன்ஸ்டிட்யூட்டில் மறு மதிப்பீடு கிடையாது. கூட்டல் சரியா, திருத்தாமல் விட்ட விடை ஏதாவது உண்டா என்று மட்டும் சரிபார்ப்பார்கள். அதற்கும், விடைத்தாள் நகல் கேட்பதற்கும் ரிசல்ட் வந்து ஒரு மாதத்துக்குள் விண்ணப்பிக்க வேண்டும். அவர் இரண்டுக்கும் விண்ணப்பித்தார். கூட்டல் சரியாகவே இருந்தது. நகல்தான் உண்மையைச் சொன்னது.

மூன்று மணி நேரத்தில் 100 மார்க். அதாவது ஒரு மார்க்குக்கு இரண்டு நிமிடத்துக்கும் குறைவு. 14 மார்க் கேள்வி என்றால் 25 நிமிடத்தில் முடித்துவிட வேண்டும். அவருடைய விடைத்தாளில் முதல் 14 மார்க் கேள்விக்கு மட்டும் ஐந்தரைப் பக்கம். அந்நியச் செலாவணிக் கணக்கு ஒன்று டேலி ஆகாமல் இரண்டு தடவை அடித்துவிட்டுத் திரும்பப் போட்டிருந்தார். மூன்றாவது தடவை விடை வந்துவிட்டது. 14-க்கு 12. ஆனால், கடைசிக் கேள்விக்கு இரண்டே வரிகள்.

"அந்தக் கணக்கை விடக் கூடாதுன்னு ஒரு வீம்பு. கிட்டத்தட்ட அம்பது நிமிஷம் போயிருக்கும். 12 மார்க் வாங்கறதுக்காக 14 மார்க் கேள்வியை அப்படியே விட்டுட்டு வந்திருக்கேன். தெரியலைன்னு நினைச்சுட்டு இருந்தேன். தெரியாம இல்லை, எழுதாம வந்திருக்கேன்" என்கிறார்.

திரும்பத் திரும்பத் தோற்பவர்களில் பலரும் இந்த நகலைக் கேட்டுப் பார்ப்பதே இல்லை. பாடம் புரியாமல் போன 39-க்கும், நேரம் போதாமல் போன 39-க்கும் மருந்து வேறு வேறு. முதலாவதற்கு மறுபடி கோச்சிங் போகலாம். இரண்டாவதற்கு அதே பணத்தைக் கட்டி அதே வகுப்பில் உட்கார்ந்து பயனில்லை. கடிகாரத்தை வைத்துக்கொண்டு முழுத் தாள்களை எழுதிப் பழகுவதுதான் வழி. அவர் வாரம் இரண்டு மாதிரித் தாள்கள் எழுத ஆரம்பித்தார். ஒவ்வொரு கேள்விக்கு மேலும் முடிக்க வேண்டிய நேரத்தைப் பென்சிலில் குறித்துக்கொள்வார். நேரம் ஆனதும் பாதி வாக்கியமாக இருந்தாலும் அடுத்த கேள்வி.

'இன்னும் எத்தனை தடவை கண்ணு?'

அந்த டிசம்பர்தான் வீட்டில் கஷ்டமான மாதம். மெஷின்களுக்கு வாங்கிய கடன் தவணை ஒரு பக்கம். தங்கைக்குக் காலேஜ் ஃபீஸ் இன்னொரு பக்கம். அப்பா திட்டவில்லை. ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, "இன்னும் எத்தனை தடவைதான் எழுதோணும் கண்ணு?" என்று மட்டும் கேட்டார். அதற்குப் பதில் அவரிடம் இல்லை.

கரூரில் ஓர் ஏற்றுமதி கம்பெனியில் அக்கவுன்ட்ஸ் வேலை வந்தது. சம்பளம் 22,000. ஆர்ட்டிகிள்ஷிப் முடித்து, இன்டர் பாஸ் செய்தவர்களை இப்படி எடுத்துக்கொள்ளும் கம்பெனிகள் நிறைய. 'சி.ஏ இன்டர்' என்று பயோடேட்டாவில் போட்டுக்கொண்டு நல்ல நிலைக்கு வந்தவர்களும் உண்டு. ஃபைனலை விட்டுவிடுபவர்களின் வாழ்க்கை அங்கே நின்றுபோய்விடுவதில்லை. இப்போதைய திட்டத்தில், இன்டர்மீடியட், பயிற்சி, அதோடு சேர்ந்த வகுப்புகளை முடித்து ஃபைனலில் தேறாதவர்களுக்கு 'பிசினஸ் அக்கவுன்டிங் அசோசியேட்' என்று இன்ஸ்டிட்யூட்டே ஒரு சான்றிதழ் தருகிறது.

2025 ஜனவரியில் அவர் வேலையில் சேர்ந்தார். சேரும்போதே, தேர்வுக்கு முன்னால் ஆறு வாரம் சம்பளமில்லா லீவு வேண்டும் என்று கேட்டு வாங்கிக்கொண்டார். காலை ஐந்து மணியிலிருந்து எட்டு வரை படிப்பு, பிறகு ஆபீஸ். வேலைக்குப் போனதால் படிப்பு கெட்டது என்று சொல்ல முடியாது. கையில் சம்பளம் வந்ததும், தேர்வு அறையில் அந்தக் கைநடுக்கம் இல்லை என்கிறார்.

மே மாதம் இரண்டு குரூப்பும் எழுதினார். எக்ஸெம்ப்ஷன் போக ஐந்து தாள்கள். முதல் குரூப் 54, 51, 48. மொத்தம் 153. பாஸ். ஒருமுறை பாஸ் ஆன குரூப் பாஸ் ஆனதுதான், அதை மறுபடி எழுத வேண்டாம்.

இரண்டாவது குரூப்பில் மறைமுக வரிக்கு 49. டைரக்ட் டாக்ஸ் மறுபடி கவிழ்த்தது. 36.

இந்த முறை காரணம் நேரம் இல்லை. 2024-க்கு முன் வாங்கிய நோட்ஸையே வைத்துப் படித்திருந்தார். வருமான வரிச் சட்டம் ஒவ்வொரு பட்ஜெட்டிலும் மாறும். எந்தத் தேர்வுக்கு எந்த வருடத்து நிதிச் சட்டம் என்பதை இன்ஸ்டிட்யூட் முன்கூட்டியே அறிவித்து, மாற்றங்களைத் தனியாகத் தொகுத்தும் வெளியிடும். 2024 ஜூலை பட்ஜெட்டில் சொத்து, பங்கு விற்ற லாபத்துக்கான வரி விகிதமே மாறிவிட்டது. அவர் கணக்குகளை முறையாகப் போட்டிருந்தார், பழைய விகிதத்தில். திரும்ப எழுதுபவர்களுக்கு இது தனி ஆபத்து. முதல்முறை எழுதுபவர் புதிதாகப் படிப்பார். இரண்டு தடவை எழுதியவர், 'இது தெரிந்ததுதானே' என்று புரட்டிவிட்டுப் போவார். இனி வருபவர்களுக்கு மாற்றம் இன்னும் பெரியது. 2026 ஏப்ரல் 1 முதல் 1961-ம் ஆண்டுச் சட்டம் போய், 2025-ம் ஆண்டு வருமான வரிச் சட்டம் வருகிறது. பிரிவு எண்களே வேறு. எந்தத் தேர்விலிருந்து புதிய சட்டத்தில் கேள்வி வரும் என்பதை அறிவிப்பில் பார்க்காமல் பழைய நோட்ஸைத் தொடக் கூடாது.

86-ஆ, 100-ஆ?

மீதி இருந்தது இரண்டு தாள்கள். எக்ஸெம்ப்ஷனுக்கு மீதி இருந்தது ஒரே ஒரு தேர்வு, 2025 செப்டம்பர். முன்பு ஃபைனல் வருடத்துக்கு இரண்டு முறை நடந்தது. அப்போது மூன்று தேர்வுகள் என்றால் ஒன்றரை வருடம். 2025-ல் அதை ஜனவரி, மே, செப்டம்பர் என்று மூன்று முறையாக மாற்றினார்கள். அடிக்கடி எழுதலாம் என்பது நல்ல செய்தியாக இருந்தது. ஆனால், அதனால் எக்ஸெம்ப்ஷனின் ஆயுள் ஒரு வருடமாகச் சுருங்கியதை யாரும் அவ்வளவாகச் சொல்லவில்லை.

அவர் ஒரு தாளில் கணக்குப் போட்டார். குரூப்புக்கு 150 வேண்டும். 64 கையில் இருக்கிறது. இரண்டு தாளில் சேர்த்து 86 எடுத்தால் போதும், எதுவும் 40-க்குக் கீழே போகாமல். இந்த முறையும் தவறினால்? மூன்று வாய்ப்பும் தீர்ந்த பிறகு, அந்த எக்ஸெம்ப்ஷனை நிரந்தரமாக வைத்துக்கொள்ள இப்போதைய விதிகளில் வழி இருக்கிறது. ஆனால், அப்படிச் செய்தால் மீதித் தாள்கள் ஒவ்வொன்றிலும் 50 எடுக்க வேண்டும். 86 என்பது 100 ஆகிவிடும். அது வேண்டாம் என்றால் மூன்று தாளையும் புதிதாக எழுத வேண்டும்.

ஆக, செப்டம்பர் அவருக்கு மலிவான வாய்ப்பு, அதுவே கடைசி மலிவான வாய்ப்பும்கூட. 'ஜனவரிக்கு நல்லா படிச்சு எழுதிக்கலாமே' என்று சொன்ன தோழிகளின் பேச்சை அவர் கேட்கவில்லை. மே ரிசல்ட் வந்தது ஜூலையில். நடுவில் இரண்டு மாதம். முழு நேரத்தையும் டைரக்ட் டாக்ஸுக்கே கொடுத்துவிடாமல், 49 வந்த மறைமுக வரிக்கு மூன்றில் ஒரு பங்கு நேரம் ஒதுக்கினார். நன்றாக வந்த தாள் அடுத்த முறை கவிழ்வதை நவம்பரில் ஒருமுறை பார்த்தாயிற்றே.

டைரக்ட் டாக்ஸ் 48. மறைமுக வரி 46. கையிலிருந்த 64. மொத்தம் 158.

ரிசல்ட் வந்தபோது அப்பா மெஷினில் இருந்தார். பாஸ் என்று சொன்னதும் மெஷினை நிறுத்தாமல், "எல்லாமேவா?" என்று கேட்டாராம்.

போர்டு மாட்டலாமா, வேலைக்குப் போகலாமா?

தேர்வு பாஸ் ஆனதும் பெயருக்கு முன்னால் 'சி.ஏ' என்று போட்டுக்கொள்ள முடியாது. இன்ஸ்டிட்யூட்டில் உறுப்பினராகப் பதிவு செய்ய வேண்டும். ஆடிட் ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போட அதுவும் போதாது. தொழில் நடத்துவதற்கான சான்றிதழைத் தனியாக வாங்க வேண்டும். முழுநேரச் சம்பள வேலையில் இருந்துகொண்டு ஆடிட் கையெழுத்துப் போட முடியாது என்பதால், இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தாக வேண்டும்.

அப்பாவின் ஆசை, கரூரிலேயே ஆபீஸ். அந்த ஆசைக்கு உள்ள கணக்கையும் அவர் போட்டுப் பார்த்திருக்கிறார். சி.ஏ படித்தவர்கள் விளம்பரம் செய்து ஆள் பிடிக்கக் கூடாது என்பது சட்டம். ஒருவர் சொல்லி இன்னொருவர் வர வேண்டும். முன்பெல்லாம் சிறிய ஊர் ஆடிட்டருக்குச் சோறு போட்டது டாக்ஸ் ஆடிட். ஒரு கோடி ரூபாய்க்கு மேல் விற்றுமுதல் இருந்தாலே அது கட்டாயம். இப்போது ரொக்கத்தில் நடக்கும் வரவும் செலவும் ஐந்து சதவிகிதத்தைத் தாண்டாத வியாபாரிகளுக்கு அந்த எல்லை பத்து கோடி. பேங்க் மூலமே பணம் வாங்கும் கரூர் ஜாப் ஒர்க்காரர்களில் பலர் அதற்குள் அடங்கிவிடுவார்கள். மீதி இருப்பது ஜி.எஸ்.டி, ரிட்டர்ன், பேங்க் கடனுக்கான திட்ட அறிக்கை. ஜி.எஸ்.டி-யையும் ரிட்டர்னையும் செய்ய ஊரில் வரி ஆலோசகர்கள் ஏற்கெனவே இருக்கிறார்கள், குறைந்த கட்டணத்தில். முதல் இரண்டு வருடம் ஆபீஸ் வாடகையும் ஓர் உதவியாளர் சம்பளமும் போக மிஞ்சுவது, இப்போது வாங்கும் சம்பளத்தைவிடக் குறைவாகத்தான் இருக்கும்.

இன்ஸ்டிட்யூட் நடத்தும் கேம்பஸ் இன்டர்வியூவுக்கு அவர் பதிவு செய்திருந்தார். பெரிய கம்பெனிகள் பல, எத்தனையாவது அட்டெம்ப்ட் என்பதை விண்ணப்பத்திலேயே கேட்கின்றன. முதல் அட்டெம்ப்ட்காரர்களை மட்டும் கூப்பிடும் கம்பெனிகள் அவரைக் கூப்பிடவில்லை. அது அவருக்கு வருத்தம்தான், மறைக்கவில்லை. ஆனால், மூன்று வருட ஜி.எஸ்.டி அனுபவமும், ஏற்றுமதி கம்பெனியில் செய்த வேலையும் வேறு இடத்தில் கைகொடுத்தன. கோவையில் ஒரு நடுத்தர ஆடிட் நிறுவனம், ஏற்றுமதியாளர்களின் வரி ரீஃபண்ட் வேலையைப் பார்க்கும் பிரிவுக்கு ஆள் தேடிக்கொண்டிருந்தது. இன்டர்வியூவில் அட்டெம்ப்ட் பற்றி ஒரு கேள்வி வந்தது. ரீஃபண்ட் நிறுத்திவைக்கப்பட்டால் முதலில் எதைச் சரிபார்ப்பீர்கள் என்பது பற்றி ஆறு கேள்விகள் வந்தன. ஷிப்பிங் பில் எண், இன்வாய்ஸ் எண், மதிப்பு மூன்றும் ஜி.எஸ்.டி ரிட்டர்னோடு ஒத்துப்போகிறதா என்பதில் தொடங்கி அவர் சொல்லிக்கொண்டே போனாராம்.

அங்கேதான் இப்போது வேலை. மூன்று வருடம் இருந்துவிட்டு, கரூர் ஏற்றுமதியாளர்களின் ரீஃபண்ட் வேலையை மட்டும் எடுத்துக்கொண்டு சொந்த ஊரில் ஆபீஸ் போடுவது திட்டம். பொதுவான ஆடிட்டராகப் போனால் ஊரில் இருப்பவர்களோடு கட்டணத்தில் போட்டியிட வேண்டும், இந்த ஒரு வேலையோடு போனால் அந்தப் போட்டி குறைவு என்பது அவர் கணிப்பு. கடன் தவணையில் பாதியை இப்போது அவர்தான் கட்டுகிறார்.